"மே நாட்" என்றால் கூடாதா, வேண்டாமா?

ஒப்பந்த வரைவுத் தாளை முதல் முறை எழுதியபோது, 8 மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு எனக்குக் கிடைத்தது 2. அந்தத் தாளுக்குப் படிப்பவர்களுக்கு அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

உற்பத்தியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம். 100 பெட்டிக்குக் குறைவான ஆர்டரை விநியோகஸ்தர் ஏற்பது பற்றி அதில் ஒரு ஷரத்து இருந்தது. "ஏற்பது" என்ற வினைக்கு முன்னால் ஆங்கிலத்தில் "மே நாட்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு கடைக்காரர் 60 பெட்டி கேட்கிறார், விநியோகஸ்தரும் கொடுத்துவிடுகிறார். அவர் ஒப்பந்தத்தை மீறினாரா?

"மே என்றால் அனுமதி, மே நாட் என்றால் அனுமதி இல்லை, ஆகவே மீறல்" என்று மூன்று வரியில் முடித்துவிட்டேன். வழக்கமான பொருள் அதுதான். ஆனால் கேள்வியில் அதற்கு முந்தைய ஷரத்தையும் கொடுத்திருந்தார்கள்: தன் எல்லைக்குள் வரும் எல்லா ஆர்டரையும் விநியோகஸ்தர் நிறைவேற்றியாக வேண்டும். அதை ஒட்டிப் படித்தால் "மே நாட்" வேறு மாதிரி ஒலிக்கிறது. எல்லாவற்றையும் ஏற்க வேண்டியவருக்கு, சிறிய ஆர்டர் என்றால் மட்டும் ஏற்காமல் இருக்கலாம் என்று விலக்கு தருவது போல இருக்கிறது. அப்படியானால் 60 பெட்டி கொடுத்தது மீறலே அல்ல. இரண்டு வாசிப்பையும் எழுதி, முந்தைய ஷரத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுபவருக்குத்தான் அந்த 8 மதிப்பெண்.

ஆங்கிலத்தில் "நாட்" எதை மறுக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அனுமதியை மறுத்தால் "ஏற்கக் கூடாது". செயலை மறுத்து அனுமதியை விட்டுவைத்தால் "ஏற்காமல் இருக்கலாம்". இது போதாதென்று "ஒருவேளை ஏற்காமல் போகலாம்" என்ற வெறும் சாத்தியமும் அதே சொல்லில் ஒளிந்திருக்கிறது. தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனி வடிவம் இருப்பதால், சந்தேகமான ஷரத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதை அப்புறம் ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

ஆனால் தமிழிலும் ஒரு குழி உண்டு: "வேண்டாம்". "நீங்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்" என்றால் அனுப்பாதே என்றும் பொருள், அவசியமில்லை என்றும் பொருள். "ஷல் நாட்", "நீட் நாட்" இரண்டையும் "வேண்டாம்" என்று மொழிபெயர்த்தால் தடையும் விலக்கும் ஒன்றாகிவிடும். முன்னதற்குக் "கூடாது", பின்னதற்குத் "தேவையில்லை" என்று கறாராக இருங்கள்.

சந்தேகம் வரும்போது நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். செய்தால் மீறலா? செய்யாவிட்டால் மீறலா? முதலாவதுக்கு மட்டும் ஆம் என்றால் அது தடை. இரண்டாவதுக்கு மட்டும் ஆம் என்றால் கடமை. இரண்டுக்கும் இல்லை என்றால் அவர் விருப்பம். "நீட் நாட்" இங்கேதான் உட்காரும். நோட்டீஸ் தரத் தேவையில்லை என்று சொல்லப்பட்டவர் நோட்டீஸ் தந்தால் எந்தத் தவறும் இல்லை.

இந்தச் சோதனை இல்லாவிட்டால் கண்டிப்பாக ஏமாற்றும் ஒரு வடிவம் இருக்கிறது: "ஷல் நாட் பி ரிக்வயர்டு டு". "ஷல் நாட்" கண்ணில் பட்டதும் கை தானாகத் தடை என்று எழுதிவிடும். முழுதாகப் படித்தால் அது "நீட் நாட்" போல விலக்குதான். "நாட்" இரண்டு சொல் தள்ளிப்போய் "ரிக்வயர்டு நாட் டு" என்று ஆனால் மட்டுமே தடை.

திருத்தி எழுதச் சொன்னால் "மே நாட்"டை விட்டுவிடுங்கள். தடை என்றால் "ஷல் நாட் அக்செப்ட்", விலக்கு என்றால் "மே ரெஃப்யூஸ்". வினையையே மாற்றி "மறுக்கலாம்" என்று எழுதும்போது "நாட்" வாக்கியத்தில் இல்லை, அதனால் குழப்பவும் வழியில்லை.

சரி, தடை என்றே முடிவானாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கும். ஒப்பந்த உரிமையைச் சம்மதமில்லாமல் பிறருக்கு மாற்றக் கூடாது என்று ஷரத்து சொல்கிறது, ஒரு தரப்பினர் மீறி மாற்றிவிட்டார். அந்த மாற்றம் செல்லுமா, நஷ்டஈடு மட்டும்தானா? இங்கிலாந்தில் லிண்டன் கார்டன்ஸ் வழக்கில், 1993இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை "ஷல் நாட்" என்று எழுதியிருந்த அப்படியொரு ஷரத்தை வைத்து, மாற்றமே செல்லாது என்றது. நியூயார்க் சட்டத்திலோ, மீறிய மாற்றம் செல்லாது என்று ஷரத்தே தெளிவாகச் சொல்லாவிட்டால், பெரும்பாலும் மாற்றம் நிற்கும், நஷ்டஈடுதான் கேட்க முடியும். அதனால் தடை ஷரத்து எழுதச் சொல்லும் கேள்வியில் "மீறிச் செய்தால் அது செல்லாது" என்ற வரியையும் நான் சேர்த்தே எழுதுகிறேன். தமிழில் "மாற்றக் கூடாது" ஒரு வாக்கியம், "மாற்ற முடியாது" வேறொரு வாக்கியம்.