ஒன்லைன் தனி வகுப்பில் வல்லினம் மிகும் இடம்: பிழையைப் பிடித்து வைத்துக் கற்பிப்பது எப்படி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு சாதாரண தரத் தமிழுக்குத் தனி வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரியும், கட்டுரையில் அதிகம் பிழைபடுவது வல்லினம் மிகும் இடம்தான். விதியைக் கேட்டால் பிள்ளை ஒப்புவிக்கும். எழுதச் சொன்னால் விட்டுவிடும். பகிர்ந்த டொக்கில் பிள்ளை எழுத எழுதப் பார்க்கலாம் என்பதால், பிழை வருகிற இடத்திலேயே பிடிக்க முடிகிறது.

ஒரு பிள்ளைக்கு ஒரே கூகுள் டொக் போதும். மேலே ‘பிழைப் பதிவு’, கீழே எழுதும் பகுதி. பதிவை அட்டவணையாகப் போட வேண்டாம். போனில் பார்க்கும்போது கட்டங்கள் நெருங்கி வாசிக்க முடியாமல் போகும். ஒரு பிழைக்கு ஒரு வரி போதும். பிள்ளைக்குக் கொடுக்கும் லிங்க்கில் Editor அனுமதி இருக்க வேண்டும். இருவர் கையிலும் டொக் திறந்திருப்பதால் திரையைப் பகிரத் தேவையில்லை. கமெராவையும் நிறுத்திக் குரலை மட்டும் வைத்தால் டேட்டா மிஞ்சும். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் பாடத்தை அதற்குள் அடக்குங்கள்: எழுத 10 நிமிடம், பிழைகளைப் பார்க்க 20, மறுபடி எழுத மீதி.

பிள்ளை எழுதும்போது பேசாதீர்கள், பந்திக்குள் கையும் வைக்காதீர்கள். பிழையுள்ள சொற்களைக் கொப்பி செய்து மேலே ஒட்டுங்கள். நீங்களாகத் தட்டினால் கை தானாகவே திருத்தி எழுதிவிடும். உடனே ஒட்டுவதும் முக்கியம். பிள்ளை திரும்பிப் பார்த்துச் சரிசெய்துவிட்டால் அந்தப் பிழை மறைந்துவிடும். Version history-இல் தேடி எடுக்கலாம், ஆனால் வகுப்பு நேரம் அதற்குப் போதாது. வரியின் முன்னால் ஓரெழுத்துக் குறி போடுங்கள்: ‘வி’ என்றால் வல்லினம் விடுபட்டது, ‘கூ’ என்றால் தேவையில்லாமல் கூடியது, ‘இ’ என்றால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இல்லை.

வாவியைப் பற்றி எழுதச் சொன்னபோது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: “வாவியில் படகுகள் மிதந்து சென்றது. மீனவர்கள் வலைகளை தூக்கி கரைக்கு கொண்டு வந்தார்கள்.” பதிவில் விழுவது:

இ: படகுகள் மிதந்து சென்றது
வி: வலைகளை தூக்கி
வி: தூக்கி கரைக்கு
வி: கரைக்கு கொண்டு

மூன்று ‘வி’க்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவது ‘ஐ’ உருபு, மூன்றாவது ‘கு’ உருபு, நடுவில் இருப்பது இகரத்தில் முடியும் வினையெச்சம். அன்றைய பாடத்துக்கு உருபுகள் இரண்டையும் மட்டும் எடுங்கள். வினையெச்சத்தைத் தொட்டால் ‘மிதந்து சென்றன’ என்பதில் ஏன் மிகவில்லை என்ற கேள்வி வரும். மென்தொடர்க் குற்றியலுகரத்தை விளக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அது தனிப் பாடம். இயைபுப் பிழையை ‘சென்றன’ என்று ஒரு வார்த்தையில் சொல்லி நகருங்கள்.

இப்போது ‘வலைகளை தூக்கி’ என்பதை மஞ்சளாக்கி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாய் ‘வலைகளைத் தூக்கி’ என்றே சொல்லும். அப்படிச் சொன்னால் காது சரி, கைதான் விட்டது. போன் கீபோர்ட் சொற்களைத் தனித்தனியாக முன்வைப்பதால், தொட்டு எழுதும் பிள்ளைக்கு இடையில் வரும் ‘த்’ விடுபடுவது இயல்பு. வாசிக்கும்போதும் ஒற்று வராவிட்டால்தான் விதியை விளக்க வேண்டும்: ‘ஐ’, ‘கு’ உருபுகள் வெளிப்பட்டு நின்று, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மிகும். உருபு மறைந்து ‘வலை தூக்கி’ என்று வந்தால் மிகாது.

இந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரம் ‘கூ’ வரிகள் குவியும். விதி புதிதாகப் பிடித்த பிள்ளை ‘வாவியில்ப் படகுகள்’, ‘நண்பனோடுச் சென்றேன்’, ‘கடலிலிருந்துத் திரும்பினார்கள்’ என்று கண்ட இடமெல்லாம் ஒற்றுப் போடும். ஆகவே அதே வகுப்பிலேயே, மிகாத ‘இல்’, ‘ஓடு’, ‘இருந்து’ மூன்றையும் கலந்து ஆறு வாக்கியங்கள் கொடுங்கள். உருபுகளுக்குப் பின்னால் ஒற்றை நீங்கள் போடாமல், இடத்தை மட்டும் அடிக்கோடு இடுங்கள்: ‘மீன்களை_ கூடையில்_ போட்டுச் சந்தைக்கு_ கொண்டு போனார்கள்.’ இதில் முதலாவதும் மூன்றாவதும் மிகும், நடுவில் உள்ளது மிகாது. மூன்றையும் நிரப்பிவிட்டால் பிள்ளை விதியைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்து நிரப்புகிறது.

பதிவில் உள்ள வரியை, பயிற்சியில் சரியாக வந்துவிட்டது என்பதற்காக அழிக்க வேண்டாம். வேறு தலைப்பில், குறிப்பு எதுவும் கொடுக்காமல் எழுதிய இரண்டு கட்டுரைகளில் அந்த உருபு சரியாக வந்தால் மட்டும் வரியைக் கோடிட்டு அடியுங்கள். அதில் ஒன்றையாவது கொப்பியில் பேனாவால் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பரீட்சையில் கீபோர்ட் இல்லை.