வாராக்கடனைத் தள்ளி எழுதுவதும், அதே பணம் பின்னால் வந்தால் வரவு வைப்பதும்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்து உரக்கடைகளுக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கு மார்ச் பிறந்தால் முதல் வேலை கடன் நிலுவையைப் பார்ப்பதுதான். சம்பாவுக்கு வாங்கிய உரமும் மருந்தும், அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகே பணமாகும். நடுவில் மழை புகுந்தால் பாக்கி அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகும். ஒரு போகம் தள்ளிப்போனதையெல்லாம் நாங்கள் வாராக்கடன் என்று சொல்வதில்லை. இரண்டு அறுவடை கடந்தும் ஒரு ரூபாய் வரவில்லை, கடையில் புதிதாக எதுவும் வாங்கவுமில்லை, ஆளும் ஊரில் இல்லை என்றால்தான் அந்தப் பெயர் தனித்தாளுக்குப் போகும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் ஒரே பில்லில் கடனுக்குப் போன சரக்கு: உரம் 24,000 ரூபாய், அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 1,200, பூச்சிமருந்து 10,000, அதற்கு 18 சதவீதம் 1,800. மொத்தம் 37,000. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்தது. அடுத்த சம்பாவும் முடிந்தது, பணம் வரவில்லை, வாங்கியவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். 2024 மார்ச் 31 அன்று இதைத் தள்ளி எழுத முடிவாகிறது.

எழுதுமுன் பில் நகல், பேரேட்டுப் பக்கம், கேட்டு அனுப்பிய கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அதன் அச்சு, உரிமையாளர் கையெழுத்திட்ட ஒருவரித் தீர்மானம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிடுவோம். கடன் நிஜமாகவே மூழ்கிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கணக்கில் தள்ளி எழுதியிருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் டிஆர்எஃப் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த விற்பனை நடந்ததா என்று கேட்டால் காட்டக் காகிதம் வேண்டும். பதிவு இவ்வளவுதான்:

```
31-03-2024
வாராக்கடன் க/கு ப        37,000
    வாடிக்கையாளர் க/கு            37,000
```

டேலியில் இது `Journal` வவுச்சர். வாராக்கடன் பேரேடு `Indirect Expenses` குழுவில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயரை வரவு வைக்கும்போது `Agst Ref` கொடுத்துப் பழைய பில்லைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் `On Account` என்று விட்டால் அவர் கணக்கின் இருப்பு பூஜ்யமாகும், ஆனால் நிலுவைப் பட்டியலில் பில் 37,000 அப்படியே நிற்கும்; அதற்கு எதிராக இன்னொரு 37,000 தனியாகத் தொங்கும். மொத்தம் சரியாக வருவதால் யார் கண்ணிலும் படாது.

இந்த இடத்தில் அடிக்கடி பார்ப்பது, கடனைத் தீர்க்க விற்பனைத் திருப்பம் போட்டுவிடுவது. கணக்கு சமன்படும், ஜிஎஸ்டி 3,000-மும் குறையும், பார்க்க லாபம் போலத் தெரியும். ஆனால் சரக்கு திரும்பி வரவில்லையே. உரம் வயலில் கரைந்தாகிவிட்டது. கணினியில் கையிருப்பு ஏறிவிடும். பாயின்ட் ஆஃப் சேல் இயந்திரத்திலும் குடோனிலும் அந்த மூட்டைகள் இருக்காது. வேளாண் அலுவலர் ஆய்வுக்கு வரும் நாளில் அது வேறு தலைவலி. சட்டப்படியும் வாடிக்கையாளர் பணம் தராததற்காகக் கிரெடிட் நோட் போட முடியாது. கட்டிய ஜிஎஸ்டி போனது போனதுதான். அந்த 3,000 விற்பனைக் கணக்கில் ஏறியதே இல்லை என்பதால், வருமான வரியில் அதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வோம். அதற்காகவே பதிவின் விவரத்தில் 34,000 + 3,000 என்று பிரித்து எழுதி வைப்பது வழக்கம்.

தள்ளி எழுதுவது நம் புத்தகத்துக்குள் மட்டும் நடப்பது. வாடிக்கையாளருக்கு 'கணக்கு முடிந்தது' என்று எழுதிக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கடனையே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இனி 2026 பிப்ரவரி. நெல் பணம் வங்கியில் விழுந்ததும் அவரே முழு 37,000-ஐயும் கடைக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். பில் போட்டு மூன்று வருடம் தாண்டியாயிற்று, இடையில் அவர் எழுத்தில் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வழக்குப் போடும் காலக்கெடு முடிந்திருக்கும். அதனால் என்ன, அவராகத் தந்த பணத்தை வாங்கத் தடையில்லை. (டெல்டாவில் இது அபூர்வமும் அல்ல. கடைக்காரரின் முகத்தில் மறுபடி விழிக்க வேண்டுமே என்பதற்காகவே பணம் வரும்.)

கேள்வி, இதை எங்கே வரவு வைப்பது என்பதுதான். பணம் வந்தது, பெயர் தெரியும், உடனே அவர் பெயரில் ரசீது போட்டுவிடுவது கை தன்னால் செய்யும் வேலை. ஆனால் அவர் கணக்கு ஏற்கெனவே பூஜ்யம். இப்போது 37,000 வரவு இருப்பாகி, நாம் அவருக்குத் தர வேண்டியது போல நிற்கும். அடுத்த குறுவைக்கு 20,000-க்குக் கடன் வாங்கினால், இன்னும் 17,000 முன்பணம் இருப்பதாகக் கணினி காட்டும். விற்பனைப் பையனும் நம்பிவிடுவான். அதோடு அந்த ஆண்டின் வருமானத்தில் 37,000 வராமல் போகும். இன்னும் சில கடைகளில் ரொக்க விற்பனையாகவே போட்டுவிடுகிறார்கள். அப்போது இல்லாத சரக்கு குறைந்து, 2022-லேயே கட்டிய ஜிஎஸ்டியை மறுபடியும் கட்ட வேண்டி வரும்.

பாடப்புத்தக வழி ஒரே பதிவு: வங்கி பற்று, வாராக்கடன் மீட்பு வரவு. தவறில்லை. ஆனால் அதே ஆட்கள் போகத்துக்குப் போகம் வருகிற உரக்கடைக்கு நாங்கள் இரண்டு பதிவாகப் பிரிப்பதையே விரும்புகிறோம்.

```
16-02-2026
வாடிக்கையாளர் க/கு ப     37,000
    வாராக்கடன் மீட்பு க/கு        37,000

வங்கி க/கு ப             37,000
    வாடிக்கையாளர் க/கு            37,000
```

முதல் பதிவில் கடன் உயிர்பெறுகிறது, இரண்டாவதில் தீர்கிறது. முதலாவது `Journal`, அதில் `New Ref` கொடுத்துப் பழைய பில் எண்ணையே எழுதுங்கள். இரண்டாவது `Receipt`, அதே எண்ணுக்கு `Agst Ref`. மீட்புப் பேரேடு `Indirect Incomes` குழுவில். ஒற்றைப் பதிவு போட்டால் அவர் பக்கத்தின் கடைசி வரி 'தள்ளி எழுதப்பட்டது' என்றே இருக்கும். கட்டிய மனிதருக்கு அடுத்த போகத்தில் கடன் மறுக்க அந்த ஒரு வரி போதும். இன்னொன்று: மீட்பை அந்த ஆண்டின் வாராக்கடன் கணக்கிலேயே கழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் புதிதாக மூழ்கியதும் தெரியாது, பழையது மீண்டதும் தெரியாது.

2023-24 கணக்கைத் திறந்து திருத்துவதும் கிடையாது. அன்று தெரிந்ததை வைத்து எழுதியது சரியே; பணம் வந்த ஆண்டின் வருமானம் இது. வருமான வரியிலும் அப்படித்தான்: 1961 சட்டத்தின் 36(1)(vii) பிரிவில் கழித்த கடன் திரும்பினால், 41(4) பிரிவின்படி வந்த ஆண்டின் தொழில் வருமானம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. 44ஏடி பிரிவில் விற்பனையின் மீது சதவீதம் போட்டு வரி கட்டும் கடைக்கு வாராக்கடன் தனிக் கழிவாகக் கிடைக்காது. ஆகவே மீட்பை வருமானத்தில் சேர்க்குமுன், தள்ளி எழுதிய ஆண்டின் வரிக் கணக்கு எந்த முறையில் தாக்கலானது என்பதை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அசலுக்கு மேல் தாமதத்துக்காக ஏதாவது சேர்த்துத் தந்தால் அதை மீட்புக் கணக்கில் கலக்காதீர்கள். தாமத வட்டியும் சரக்கின் மதிப்போடு சேர்ந்தது என்பது ஜிஎஸ்டி விதி; அந்தத் தொகைக்கு மட்டும் வரி உண்டு, தனிப் பேரேடும் வேண்டும்.