தீப்பெட்டிக்குள் 41 மில்லிகிராம்

ஜூன் 9
இன்று முதல் தடவையாக நானே தனியாக எடை போட்டேன். மாமா வெளியே போயிருந்தார். ஃபேனை நிறுத்தி, தராசின் கண்ணாடிக் கதவை மூடி, பூஜ்யம் நிற்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஒரு அம்மா விற்கக் கொண்டுவந்த பழைய தங்க ஜிமிக்கி 6.480 கிராம் இருந்தது. அவர் கண்முன்னாலேயே கல்லையும் அரக்கையும் எடுத்துவிட்டு உருக்கினேன். உருகித் திரண்ட குண்டு 6.150 நின்றது. டச், அதாவது தங்கத்தின் சுத்தம், 91.6. கிராம் 9,000 என்று 55,350 எண்ணிக் கொடுத்தேன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸாம். ஒரு மில்லி பிசகவில்லை.

ஜூன் 10
தூக்கமே இல்லை.

மாமா நோட்டைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வந்தாங்க?"

நாலரை. சாயங்கால விலை 9,060 என்று மூன்றரைக்கே போனில் வந்திருந்தது. நான் பார்த்தேன். விலை போர்டை அழித்து எழுதவில்லை. காலை விலையிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். எடையில் கை வைக்கவில்லையே என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமா திட்டவில்லை. கிராமுக்கு 60 வீதம் அந்த அம்மாவுக்குக் குறைந்துபோன 369 ரூபாயை 9,060-ஆல் வகுக்கச் சொன்னார். 41 மில்லி வந்தது. அரை மில்லிமீட்டர் தங்கக் கம்பியை எடுத்தார், கத்தரித்தார், தராசில் வைத்தார், நுனியை ராவினார். 0.041 வந்ததும் என் உள்ளங்கையில் போட்டார். கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

"இதைத் தட்டிலிருந்து நீ எடுத்திருந்தா என்ன பேரு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 11
அந்த அம்மா வரவில்லை. போன் நம்பர் வாங்கி வைக்கவில்லை. கம்பியும் 369 ரூபாயும் தீப்பெட்டிக்குள் இருக்கின்றன.

ஜூன் 13
ராவும்போதெல்லாம் அதே நினைப்பு. ராவிய பொடியில் ஒரு துகள்கூடப் போகக்கூடாது என்று மடியில் தோல் விரித்து உட்கார்கிறோம். கீழே சிந்தியதைப் பட்டறைக் குப்பையிலிருந்துகூடத் திரும்ப எடுத்துவிடலாம். விலையில் போனதை எந்தக் குப்பையில் தேடுவது? எடையையாவது அந்த அம்மா தராசில் பார்த்தார். விலைக்கு என் வாயைத்தானே நம்பினார்!

ஜூன் 14
வரவில்லை.

ஜூன் 16
மத்தியானம் விலை கிராமுக்கு 40 இறங்கியது. ஒருவர் தாலிக் குண்டு வாங்க வந்தார். போர்டில் காலை விலைதான் இருந்தது, அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் போர்டை அழித்து எழுதினேன், அப்புறம்தான் தராசைத் தொட்டேன். மாமா அரக்கைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

சாயங்காலம் பக்கத்துத் தெருக் காலேஜ் வாசலில் போய் நின்று பார்த்தேன். கூட்டம். முகம் சரியாக நினைவில்லை. ஜிமிக்கிதான் நினைவிருக்கிறது, ஒரு பக்கம் முத்து உதிர்ந்தது.

ஜூன் 17
ஃபீஸ் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்று சொல்லியிருந்தார்.