"முதியவர்களுக்குப் பலனில்லை" என்று நாங்கள் எழுதிய வரி

எங்கள் மருந்துச் சோதனைக் கட்டுரையின் முதல் வரைவில், சுருக்கத்தின் கடைசி வரியை நான்தான் எழுதினேன்: "65 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருந்து பலன் தந்தது, அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தரவில்லை." மதிப்பாய்வாளர் அந்த ஒரு வரிக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. எண்களை இங்கே கொஞ்சம் மாற்றித் தருகிறேன். கணக்குப் போகும் வழி அதேதான்.

மருந்து 400 பேருக்கு, போலி மருந்து 400 பேருக்கு. ஆறு மாதத்துக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 103 பேர், மற்றதில் 130 பேர். இடர் விகிதம் 0.79. வயதுவாரியாகப் பிரித்தால், ஒவ்வொரு பிரிவிலும் குழுவுக்கு 200 பேர். இளையவர்களில் 49-க்கு 70, அதாவது விகிதம் 0.70, பி-மதிப்பு 0.02. முதியவர்களில் 54-க்கு 60, விகிதம் 0.90, பி-மதிப்பு 0.51. ஒன்று 0.05-க்குக் கீழே, இன்னொன்று மேலே. அதைப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

மதிப்பாய்வாளர் கேட்டது இதுதான்: இரண்டு பிரிவுகளையும் தனித்தனியே "பலனே இல்லை" என்ற நிலையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டீர்களா? இல்லை. 0.70-க்கும் 0.90-க்கும் உள்ள வித்தியாசமே தற்செயலாக வரக்கூடியதா என்று பார்ப்பதுதான் இடைவினைச் சோதனை. நாங்கள் பேச்சில் இன்டராக்‌ஷன் டெஸ்ட் என்போம். மாதிரியில் ஒரு பெருக்கல் குறி போதும்:

```r
glm(readmit ~ treat * age65,
    family = binomial(link = "log"), data = d)
```

`treat:age65` என்ற வரிசையில் வரும் குணகத்தை அடுக்கேற்றினால் (`exp`) இரண்டு விகிதங்களின் விகிதம் கிடைக்கும். எங்களுக்கு வந்தது 1.29, 95% நம்பக இடைவெளி 0.83 முதல் 1.99 வரை, பி-மதிப்பு 0.26. வயதால் பலன் மாறுகிறது என்று சொல்ல இதில் ஆதாரம் போதவில்லை.

சரி, "வயதால் மாற்றமில்லை" என்று எழுதிவிடலாமா? எழுதிப் பார்த்தேன். அதுவும் தவறு என்று எங்கள் புள்ளியியலாளர் அக்கா நிறுத்தினார். அந்த இடைவெளியைப் பாருங்கள்: மேல் எல்லை கிட்டத்தட்ட 2. முதியவர்களுக்குப் பலன் கணிசமாகக் குறைவாக இருக்கவும் இடமுண்டு. மொத்த விளைவின் திட்டப்பிழை மடக்கை அளவில் சுமார் 0.11, இடைவினையின் திட்டப்பிழை 0.22. இரு மடங்கு. அதே துல்லியத்தோடு இடைவினையை அளக்க நான்கு மடங்கு ஆட்கள், அதாவது 3200 பேர் வேண்டும். 800 பேரை வைத்துக்கொண்டு "மாறுகிறது" என்றும் சொல்ல முடியாது, "மாறவில்லை" என்றும் சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி எனக்கு இன்னும் கடினமாக இருந்தது: எத்தனை பிரிவுகளைப் பார்த்தீர்கள், எவை முன்பே திட்டமிட்டவை? நாங்கள் பார்த்தது எட்டு. ஆய்வுத் திட்டத்தில் இருந்தவை மூன்று. வயது அந்த மூன்றில் ஒன்றுதான், ஆனால் அங்கே எல்லை 60. தரவு வந்தபின் 65-க்கு மாற்றியது நாங்கள். 60-இல் பிரித்தால் விகிதங்கள் 0.77, 0.81 என்று அருகருகே வந்து நின்றன. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத எட்டுத் தனித்தனிச் சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழும் வாய்ப்பு 34 சதவீதம். மாரடைப்பில் ஆஸ்பிரினை ஆராய்ந்த ஐசிஸ்-2 ஆய்வு (1988) 17,187 பேரைக் கொண்டது. அதை எழுதியவர்கள் இந்த ஆபத்தைக் காட்டவே மேலை முறைப்படி பிறந்த ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் சற்றே கெடுதல் என்று வந்தது. அந்த அட்டவணையை நினைத்தபடிதான் எங்கள் எட்டையும் மறுபடி பார்த்தேன்.

எட்டையும் அட்டவணையில் வைத்தோம். எவை முன்திட்டம், எவை பின்னர் சேர்ந்தவை என்று குறித்தோம். வயதில் 60, 65 இரண்டு எல்லைகளையும் காட்டினோம். சுருக்கத்திலிருந்து வயதை எடுத்துவிட்டோம். முடிவுப் பகுதியில் இப்படி எழுதினோம்: "65 வயது என்ற எல்லை தரவைப் பார்த்தபின் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு பிரிவுகளிலும் விளைவின் திசை ஒன்றே, அளவில் வேறுபாடு உண்டா என்பதை இந்த ஆய்வால் தீர்மானிக்க முடியவில்லை (விகிதங்களின் விகிதம் 1.29, 0.83–1.99). இது தேடல் நோக்கிலான கண்டறிதல். தனி ஆய்வில் சோதிக்கப்பட வேண்டும்." "போக்கு தென்படுகிறது" என்ற தொடரை ஒரு சகா சேர்க்கச் சொன்னார், நான் மறுத்தேன். அந்தத் தொடர் வாசகரின் மனதில் பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு திருத்தம் வந்தது. ஃபாரஸ்ட் பிளாட்டில் ஒவ்வொரு பிரிவின் எதிரிலும் இருந்த பி-மதிப்பை நீக்கி, இடைவினையின் பி-மதிப்பை மட்டும் ஓர் ஓரத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். படத்தில் இப்போது முதலில் கண்ணில் படுவது, ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும் அந்த இரண்டு நம்பக இடைவெளிகள்.