மூன்றாவது மாடியில் ஒரு நாய்க்குட்டி: திட்டாமல் பழக்கிய கதை

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இரண்டு மாதம். கறுப்பு நிற நாட்டு நாய்க்குட்டி. நாங்கள் இருப்பது சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில். தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடிக்கும்வரை மற்ற நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிட வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும், குட்டிகளுக்கு அது உயிரை எடுக்கும் நோய். அதனால் ஊசிகள் முடியும்வரை பால்கனிதான் அவளுக்குக் கழிப்பிடம் என்று ஆனது.

பலர் செய்தித்தாளை விரித்துப் பழக்குவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. காலுக்கடியில் எந்தத் தரை படுகிறதோ அதையே நாய்க்குட்டி கழிப்பிடமாக மனதில் பதித்துக்கொள்ளும். செய்தித்தாளில் பழகினால், நாளைக்குச் சோபாவுக்குக் கீழே விழுந்து கிடக்கும் பேப்பரும் அதற்குக் கழிப்பிடம்தான். எப்படியும் அவள் பிறகு புல்லிலும் மண்ணிலும்தானே போகப் போகிறாள்? நர்சரியில் புல் பத்தை வாங்கி, ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்தோம். கூடவே வீட்டிலிருந்த மிதியடிகள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்து வைத்துவிட்டோம். காலுக்கு மெத்தென்று இருப்பதால் குட்டிகள் தேடிப் போகும் அடுத்த இடம் மிதியடிதான்.

தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன். குட்டிக்கு அவசரம் வரும் நேரங்கள் இவைதான். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தூங்கும்போது மட்டும், அதுவும் அதிகபட்சம். விழித்து ஓடி விளையாடும்போது அரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நோட்டு வைத்து, அவள் சாப்பிட்டது, தூங்கியது, போனது எல்லாவற்றுக்கும் நேரம் எழுதினேன். சீக்கிரமே ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை 7 மணிக்குச் சாப்பிட்டால் 7.20 வாக்கில் மலம் கழிப்பாள். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். நடக்க விட்டால் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்பதால் முதலில் தூக்கித்தான் போனேன். தண்ணீரை மட்டும் நாங்கள் குறைக்கவே இல்லை. சென்னை வெயிலில் அது ஆபத்து.

தட்டில் விட்டு “ஒன்னுக்குப் போ” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, பேசாமல் நிற்பேன். போய் முடித்த அடுத்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. உள்ளே வந்தபின் கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் உள்ளே கொண்டுவந்து மடியிலேயே வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூட்டிப் போவேன்.

நேரக் கணக்குக்குள் வராததை அவளே சொல்வாள். கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று அதைப் போட்டுவிட்டு, மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே நேராக ஒரு பக்கம் நடப்பாள். இதுதான் முதல் அடையாளம், இந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும். வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டால் இரண்டு மூன்று நொடிதான் இருக்கிறது. மலம் என்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்: முன்னும் பின்னும் நடப்பாள், வாலின் அடிப்பகுதி தூக்கிக்கொள்ளும், முதுகு வளையும். சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போவதும் அடையாளம்தான். எங்கள் வீட்டில் அவள் இருக்கும் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

இந்த அடையாளங்களை நம் கண்முன்னே காட்டும் தைரியத்தைத்தான் திட்டு முதலில் கெடுக்கும். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் கூடத்தில் அவள் ஈரம் செய்துவிட, மாமனார் அவள் மூக்கை அங்கே கொண்டுபோய் அழுத்தி, சுருட்டிய பேப்பரால் ஒரு தட்டு தட்டிவிட்டார். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அன்றிலிருந்து அவர் கூடத்தில் இருந்தால் மிளகு மோந்து பார்ப்பதே இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்து சிறுநீர் கழித்தாள். பால்கனியில் அவர் பக்கத்தில் நின்றால் அடக்கிக்கொண்டு நின்றாள். “பாருங்க, தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியைத் தொங்கப் போடுது” என்றார். அது நம் முகத்தையும் குரலையும் பார்த்துக் காட்டும் பயம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தப்பே செய்யாத நாய்களும் உரிமையாளர் திட்டும்போது அதே முகத்தைக் காட்டின.

“மாமா, இனிமே கோழித் துண்டு நீங்கதான் குடுக்கணும்” என்று டப்பாவை அவரிடம் கொடுத்தேன். முதலில் தட்டிலிருந்து தள்ளி, அவளைப் பார்க்காமல் திரும்பி நிற்பார். அவள் போய் முடித்ததும் துண்டைப் போடுவார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தார். மறுபடியும் அவர் முன்னாலேயே அவள் மோந்து பார்த்து வட்டமடித்த அன்று, தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான்.

போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால், கத்தாமல் “வா வா” என்று தூக்கித் தட்டில் விடுவோம். மிச்சத்தை அங்கே போனால் அதற்கும் கோழி உண்டு. போய் முடித்தபின் பார்த்தால் அவளிடம் ஒன்றுமே சொல்வதில்லை, அப்போது கோபித்தால் எதற்கென்று அவளுக்குப் புரியாது. வேறு அறையில் விட்டுவிட்டு, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, என்சைம் கலந்த கிளீனரை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைப்போம். டைல்ஸ் இடுக்குகளில்தான் வாடை தங்கும், அங்கே தாராளமாக ஊற்ற வேண்டும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். பினாயிலுக்கு அடியில் இருக்கும் பழைய வாடை அவள் மூக்குக்குத் தெரியும், அதே இடத்துக்குத் திரும்பி வருவாள். அம்மோனியா உள்ள கிளீனர் இன்னும் மோசம், அதன் வாடையே சிறுநீர் போல இருக்கும்.

ஊசிகள் முடிந்து மருத்துவர் சரி என்றதும் கீழே இறக்கினோம். வண்டிச் சத்தத்தில் மிரண்டு, எவ்வளவு நேரம் நின்றாலும் போகாமல், மேலே வந்து பால்கனிக்கு ஓடினாள். அப்புறம் அவள் போய்ப் பழகிய புல் பத்தையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, கீழே வேப்பமரத்து ஓரம் வைத்தோம். வாடை தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்தாள். முடித்ததும் உடனே மேலே கூட்டி வராமல் கொஞ்சம் நடக்க விட்டோம். போனதும் வெளி உலகம் முடிந்துவிடும் என்று தெரிந்தால் குட்டிகள் அடக்கிவைத்து நேரத்தை இழுக்கும். மலத்தை அள்ளப் பையும் எப்போதும் கையில் இருக்கும்.

இப்போதும் விருந்தாளிகள் வந்து குனிந்து கொஞ்சினால் வாலை ஆட்டிக்கொண்டே சில சொட்டு விடுகிறாள். அது உற்சாகத்தில் தானாக வருவது, பழக்கக் குறை இல்லை. வருபவர்களிடம் முதலில் அவளைக் கவனிக்காமல் உட்காருங்கள் என்று சொல்லிவிடுகிறோம். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார் மருத்துவர். அவர் எங்களைக் கவனிக்கச் சொன்னது வேறு: நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ, முக்கினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே கூட்டி வர வேண்டும். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம், பரிசோதித்தால் தெரிந்துவிடும்.