மூன்று பத்தியும் ஒரே நீதிபதி எழுதியது

எல்.எல்.பி. படிப்பில் எனக்கு விழுந்த ஒரே அரியர், சட்டங்களுக்குப் பொருள்கொள்ளும் பேப்பர். வகுப்பில் எல்லோரும் 'ஐ.ஓ.எஸ்.' என்பார்கள். படிக்காமல் போய் விழுந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. சொல்லின் நேர்ப்பொருளையே பிடித்துக்கொள்வது லிட்டரல் விதி, அதனால் அபத்தம் வந்தால் அது போகும் அளவுக்குச் சொல்லை நீட்டிப் படிப்பது கோல்டன், எந்தத் தீங்கைச் சரிசெய்யச் சட்டம் வந்தது என்று பார்த்துப் பொருள்கொள்வது மிஸ்சீஃப். மூன்றுக்கும் வரையறை, வழக்குப் பெயர், ஆண்டு எல்லாம் மனப்பாடம். மிஸ்சீஃப் விதிக்கு மூலமான, 1584-இல் வந்த ஹெய்டன் வழக்கின் நான்கு கேள்விகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கவிழ்த்தது ஒரே ஒரு கேள்விதான்: வழக்குப் பெயர் எதுவும் இல்லாமல் மூன்று சிறு பத்திகளைக் கொடுத்து, எதில் எந்த விதி கையாளப்பட்டிருக்கிறது, காரணம் எழுது என்றார்கள்.

என் உத்தி எளிமையானது. 'அபத்தம்' என்ற சொல் வந்தால் கோல்டன். 'நோக்கம்', 'தீங்கு' வந்தால் மிஸ்சீஃப். 'சொல்', 'மொழி' என்று பேசினால் லிட்டரல். மூன்று பத்தி, மூன்று விதி, ஆளுக்கு ஒன்று என்று மனதுக்குள் ஒரு கணக்கும் இருந்தது.

முதல் பத்தி ஒருவகைக் கத்தியைப் பற்றியது. பொத்தானை அழுத்தினால் விருட்டென்று அலகு வெளியே வரும் கத்தி. அதைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கொடுக்கக்கூடக் கூடாது, ஆனால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டலாம் என்பது முதல் பார்வைக்கு அபத்தமாகத்தான் இருக்கிறது என்றார் நீதிபதி. 'அபத்தம்' கண்ணில் பட்டது. கோல்டன் என்று எழுதிவிட்டேன்.

இரண்டாவது, விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து காவலரைத் தடுத்தவர் பற்றியது. 'அருகில்' என்ற சொல்லை இப்படிப் படிப்பதால் மொழிக்கு எந்த வன்முறையும் செய்யவில்லை என்று ஒரு வரி. மொழியைப் பற்றிப் பேசுகிறாரே, கோல்டனும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே என்று லிட்டரலில் போட்டேன். மூன்றாவதில் 'இந்தச் சட்டம் குறிவைத்த தீங்கு எது' என்று நேராகவே கேட்டிருந்தார். அது மட்டும் சரி. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது முதல் இரண்டுக்கும் பக்கத்தில் பெரிய சிவப்புச் சுழி.

அப்போது மாலை நேரத்தில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரின் சேம்பரில் டிராஃப்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். கோர்ட் முடிந்து வந்த மேடத்திடம் நகலை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த மூணு பத்தியும் யார் எழுதினது தெரியுமாம்மா?"

"தெரியலை மேடம். மூணு பேரா?"

"ஒரே ஆளு. லார்ட் பார்க்கர். நாலு வருஷத்துக்குள்ள மூணையும் எழுதியிருக்காரு."

நம்பவில்லை. பிறகு பார்த்தால் உண்மைதான். மூன்றாவது பத்தி, தெருவில் போகிறவர்களைப் பாலியல் தொழிலுக்கு அழைத்த வழக்கு, ஸ்மித் எதிர் ஹியூஸ், 1960. அதே ஆண்டு இறுதியில் கத்தி வழக்கு, ஃபிஷர் எதிர் பெல். விமானப்படைத் தளம், ஆட்லர் எதிர் ஜார்ஜ், 1964. மூன்றிலும் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி இவர்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் மூன்று விதிகளும் மூன்று கட்சிகள் மாதிரி இருக்கும். ஒரு நீதிபதி ஒன்றில் சேர்ந்துவிட்டால் சாகும்வரை அதில்தான் இருப்பார் என்பது போல. இந்த மனிதர் வழக்குக்கு வழக்கு கட்சி மாறியிருக்கிறார்.

மேடம் பென்சிலை எடுத்து கத்திப் பத்தியில் 'அபத்தம்' என்ற சொல்லை வட்டமிட்டார். "அபத்தம்னு சொன்னாரு, சரி. அதுக்கப்புறம் என்ன செஞ்சாரு?"

அடுத்த வரியைப் படித்தேன். சட்டத்தில் ஏதோ விட்டுப்போயிருந்தாலும் அதை நிரப்புவது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றிருந்தது. அதாவது ஒன்றும் செய்யவில்லை. விவரம் இதுதான்: பிரிஸ்டலில் ஒரு கடைக்காரர் கத்தியை விலைச்சீட்டுடன் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 'விற்பனைக்கு ஆஃபர் செய்வது' குற்றம் என்றது. ஒப்பந்தச் சட்டத்தில் 'ஆஃபர்' என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. கடையில் பொருளை வைத்துக் காட்டுவது ஆஃபர் ஆகாது, பேச வாருங்கள் என்ற அழைப்புதான். வாடிக்கையாளர்தான் ஆஃபர் செய்கிறார். அந்தப் பொருளையே நீதிபதி பிடித்துக்கொண்டார். முடிவு கோணலாக வருவது அவருக்கே தெரிகிறது, இருந்தும் சொல்லை விட்டு நகரவில்லை. கடைக்காரர் தப்பினார், 1961-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைத்தது. இது அப்பட்டமான லிட்டரல் ரூல். அபத்தம் என்று ஒப்புக்கொள்வதும் அபத்தத்தை நீக்குவதும் ஒன்றல்ல. எனக்குப் போன மார்க் முழுக்க இந்த இடத்தில்தான்.

விமானப்படைத் தளப் பத்தியைப் பிறகு நானே எடுத்தேன். தடைசெய்யப்பட்ட இடத்துக்கு 'அருகில்' படையினரைத் தடுப்பது குற்றம் என்கிறது சட்டம். பிடிபட்டவர் வாதம்: நான் அருகில் இல்லையே, உள்ளேயே அல்லவா இருந்தேன்? கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் அகராதியை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. நீதிபதி இரண்டு விளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேலிக்கு வெளியே நின்று தடுத்தால் குற்றம், உள்ளே புகுந்து தடுத்தால் குற்றமில்லை என்றால் அது அபத்தம். ஆகவே 'அருகில்' என்பதை 'உள்ளே அல்லது அருகில்' என்று படித்தார். நான் லிட்டரலுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்த 'மொழிக்கு வன்முறை இல்லை' என்ற வரி, உண்மையில் சொல்லைக் கொஞ்சம் நீட்டப்போகிறவர் முன்கூட்டியே சொல்லிக்கொள்ளும் சமாதானம்! நேர்ப்பொருளைக் கொள்கிறவர் எதற்காக அப்படிச் சொல்லப்போகிறார்?

"இது மிஸ்சீஃப் இல்லையா மேடம்? தளத்தைப் பாதுகாக்கத்தானே சட்டம்?" என்று கேட்டேன். நோக்கம் எல்லாச் சட்டத்துக்கும் இருக்கும், நீதிபதி அதைக் கையில் எடுத்தாரா என்று பார் என்றார். பத்தியை மறுபடி படித்தேன். சட்டம் வருவதற்கு முன் என்ன நிலைமை, எதைச் சரிசெய்ய வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அபத்தம் போகும் அளவுக்கு ஒரு சொல்லைச் சேர்த்தார், அதோடு நின்றார்.

தெரு வழக்கு அப்படி இல்லை. 'தெருவிலோ பொது இடத்திலோ' பாலியல் தொழிலுக்கு ஆள் அழைப்பது குற்றம். அந்தப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடி, பால்கனியிலிருந்தும் ஜன்னல் வழியாகவும் தெருவில் போகிற ஆண்களை அழைத்தார்கள். சொல்லைப் பார்த்தால் அவர்கள் தெருவில் இல்லை. ஆனால் நீதிபதி சொல்லில் ஆரம்பிக்கவே இல்லை. தெருக்களைச் சுத்தம் செய்யவும், மக்கள் தொல்லையில்லாமல் நடக்கவும் வந்த சட்டம் இது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று அங்கிருந்து தொடங்கினார். அழைப்பவர் எங்கே நின்றால் என்ன, அழைப்பு தெருவில் போகிறவர் காதில்தானே விழுகிறது?

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரே வேலைதான். கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து, தீர்ப்புகளிலிருந்து பத்தி பத்தியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். 'ஆகவே' வரும் இடத்தைத் தேடி, அதற்கு முந்தைய வரியை அடிக்கோடிடுவேன். நீதிபதியை முடிவுக்குத் தள்ளிய வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த வரி சொல்லின் பொருளில் முடிகிறதா, இரண்டு விளைவுகளை ஒப்பிடுகிறதா, சட்டத்துக்கு முந்தைய நிலைமைக்குப் போகிறதா என்று மட்டும் பக்கத்தில் குறிப்பேன். விதியின் பெயரைக் கடைசியில்தான் எழுதுவேன். யார் ஜெயித்தார் என்பதைப் பார்க்கவே மாட்டேன். அது பல இடத்தில் திசைதிருப்பும்.

எல்லாம் இப்படிக் கச்சிதமாகப் பிரிந்துவிடவில்லை. டில்லி மாட்டு வழக்கு என்னை இரண்டு நாள் சுற்றவிட்டது. கன்வர் சிங் எதிர் டில்லி நிர்வாகம், உச்ச நீதிமன்றம், 1965. தெருவில் 'கைவிடப்பட்ட' மாடுகளை மாநகராட்சி பிடிக்கலாம் என்பது சட்டம். உரிமையாளர், நான் எங்கே கைவிட்டேன், என் மாடுதானே என்றார். திருவல்லிக்கேணிப் பக்கம் சாலை நடுவில் படுத்து அசைபோடும் மாடுகளைப் பார்த்தவர்களுக்குப் பிரச்சினை உடனே புரியும். அவற்றுக்கும் உரிமையாளர் இருக்கிறார், சாயங்காலம் பால் கறக்கச் சரியாக வந்துவிடுவார். அடியோடு துறந்த மாடு என்று பொருள் கொண்டால் பிடிக்கவே மாடு கிடைக்காது. 'கவனிப்பாரின்றி அவிழ்த்துவிடப்பட்ட' என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. விளைவைப் பார்ப்பதால் கோல்டன் மாதிரி இருக்கும். ஆனால் தெருவில் திரியும் மாட்டுத் தொல்லையை ஒழிக்க வந்த பிரிவு என்பதுதான் அங்கே முடிவைத் தள்ளுகிறது. மிஸ்சீஃப் என்று எழுதி, காரணத்தையும் எழுதினால் மறுக்க முடியாது என்றார் மேடம். காரணம் எழுதாமல் பெயரை மட்டும் எழுதினால் நமக்கு ஆதாரமில்லை.

அரியர் தேர்வில் வந்தது நம் ஊர் வழக்கே. மெட்ராஸ் பட்டதாரிகள் தொகுதியிலிருந்து சட்டமேலவைக்கு நிற்பவர் தாமும் பட்டதாரியாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி. நாராயணசாமி எதிர் பன்னீர்செல்வம், 1972. பெயர் கொடுக்கவில்லை, பத்திதான். பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதி வைத்ததன் நோக்கமே வீணாகிவிடும் என்ற வாதம் முதல் பாதியில் நீளமாக வந்தது. பழைய நானாக இருந்தால் அங்கேயே மிஸ்சீஃப் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். கீழே இறங்கினேன். அது உயர் நீதிமன்றம் ஏற்ற பார்வை. உச்ச நீதிமன்றம் அதை எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்திருந்தது. வாக்காளர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றுதான் அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. வேட்பாளருக்கு அப்படியொரு தகுதியை அது வைக்கவில்லை, இல்லாததை நாங்கள் சேர்க்க முடியாது என்பதில் பத்தி முடிந்தது.

லிட்டரல் என்று எழுதினேன். கீழே, 'நோக்கம் பற்றிய வரிகள் நீதிமன்றம் நிராகரித்த வாதம், அதன் காரணம் அல்ல' என்று ஒரு வரி சேர்த்தேன். நேரம் இருந்தது, அதனால் விடைத்தாளில் அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடும் இட்டேன்.