பத்தமடைப் பாயும் 4 ஜிபி கார்டும்

பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா ஒருவருக்குக் கல்யாணப் பாயின் படம் தேவைப்பட்டது. பொண்ணு மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து நெய்த பட்டுப்பாய் அது. செல்போனில் எடுத்த தெளிவான போட்டோ இருந்தது. அதை மாதிரியாகக் கொடுத்து, சிவப்புத் தரையும் மரத்தூணும் உள்ள பழைய வீட்டுக் கூடத்தில் விரித்தது போல ஒரு படம் செய்து தருவதாகச் சொன்னேன். என்னிடம் இருப்பது 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் 16 ஜிபி ராமும் உள்ள லேப்டாப்.

இந்த அளவு மெமரிக்கு, படம் உருவாக்கும் ஏஐ மாடல்களில் எஸ்டி 1.5 எனப்படும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-தான் தோது. ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில் வைக்கும் அரைத் துல்லியத்தில் அதன் முக்கியப் பகுதி சுமார் 1.7 ஜிபி. மாதிரிப் படத்தைப் புரிந்துகொள்ள ஐபி-அடாப்டர் என்கிற துணை மாடல் வேண்டும். அடாப்டர் சின்னதுதான், படத்தைப் பார்த்து எண்களாக மாற்றித்தர அது நம்பியிருக்கும் கிளிப் என்கோடர்தான் 1.2 ஜிபிக்கு மேல் கேட்கும். ஆனால் என்கோடருக்கு ஆரம்பத்தில் ஒரு தடவைதான் வேலை. அது முடிந்ததும், இடம் தேவைப்பட்டால், இந்த மாடல்களை ஓட்டும் ComfyUI மென்பொருள் அதை ராமுக்கு நகர்த்திவிடும். அதனால்தான் ராம் 16 ஜிபி இருப்பது இங்கே பெரிய உதவி. அப்படியும் இடம் பற்றவில்லை என்றால் ComfyUI-ஐ இப்படித் தொடங்கலாம், வேகம் குறையும்:

```
python main.py --lowvram
```

விண்டோஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெமரி நிரம்பியதும் என்விடியா டிரைவர் பிழை காட்டாமல் மிச்சத்தை ராமில் தள்ளிவிடும். படம் வரும், ஆனால் ஊர்ந்து வரும். டாஸ்க் மேனேஜரில் Shared GPU memory ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். பிரவுசரில் திறந்து கிடக்கும் மற்ற டேப்களை மூடினாலே கொஞ்சம் இடம் கிடைக்கும்.

சரி, படம் வந்தது. கூடம் அழகாக இருந்தது. அக்கா பார்த்த உடனே சொன்னார்: “தம்பி, இது நம்ம பாய் இல்லலா. நான் கரையில நாலு கோடு போட்டிருக்கேன், இதுல அஞ்சு இருக்கு. பேரும் ஒண்ணும் வாசிக்க முடியல.”

காரணம் என்கோடரிலேயே இருக்கிறது. எவ்வளவு பெரிய போட்டோ கொடுத்தாலும் அது 224-க்கு 224 புள்ளி அளவுச் சதுரமாகச் சுருக்கித்தான் பார்க்கும். நீளமான பாய் என்றால் நடுச் சதுரம் மட்டும் போய், இரண்டு முனைக் கரையும் வெட்டுப்பட்டுவிடும். அந்தச் சதுரத்தையும் டோக்கன் என்கிற எண் தொகுப்புகளாக, சாதாரண அடாப்டர் நாலாகவும் ip-adapter-plus_sd15 என்கிற அடாப்டர் பதினாறாகவும் சுருக்கும். ‘சிவப்புக் கோடு போட்ட கோரைப்பாய்’ என்கிற சாயல் அதில் தங்கும். எத்தனை கோடு, என்ன எழுத்து என்பது தங்காது. மாதிரியின் தாக்கத்தைத் தீர்மானிக்கும் weight-ஐக் கூட்டினால் கோடு சரியாகாது. கூடம்தான் பாய் நிறத்துக்கு மாறும்.

பெரிய மாடலுக்குப் போனால் சரியாகுமா? அதே குடும்பத்தின் பெரிய மாடலான எஸ்டிஎக்ஸ்எல்லின் முக்கியப் பகுதி மட்டுமே 5 ஜிபி. ராமில் மாற்றி மாற்றி ஏற்றி ஓட்டலாம், காத்திருப்புதான் நீளும். அதன் அடாப்டரும் இதே மாதிரி சுருக்கித்தான் பார்க்கிறது. ஆகவே இந்த வேலைக்கு அந்தக் காத்திருப்பு வீண் என்பது என் முடிவு. மாதிரியின் நுணுக்கத்தை நன்றாகத் தக்கவைக்கும் ஃபிளக்ஸ் கான்டெக்ஸ்ட் போன்ற மாடல்களோ 1200 கோடி பாராமீட்டர் கொண்டவை. 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் என் கார்டில் முழுதாக அடங்காது.

அப்புறம் வேலையைத் திருப்பிப் போட்டேன். சாயல் போதும் என்கிற இடம் கூடம்தான். அதனால் பழைய வீட்டுக் கூடம் ஒன்றின் போட்டோவை மாதிரியாகக் கொடுத்து, weight 0.6 வைத்து, 768-க்கு 512 அளவில் காலிக் கூடத்தை உருவாக்கினேன். பாய் போட்டோவை, படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் தரையின் சாய்வுக்கு ஏற்ப வளைத்து அதன்மேல் ஒட்டினேன். ஒட்டியது ஒட்டியதாகவே தெரிந்தது. பாய்க்குக் கீழே நிழல் இல்லை. பாயின் ஓரத்தை ஒட்டிய தரையை மட்டும் மாஸ்க் போட்டு, படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் denoise-ஐ 0.4-ல் வைத்து மறுபடி ஓட்டியதும் நிழல் விழுந்தது. முழுப் படத்தையும் ஓட்டக் கூடாது. குறைந்த denoise-லும் எழுத்து கலைந்துவிடும், ஏனென்றால் இந்த மாடல் 8-க்கு 8 புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்கிறது. பெயரின் ஒரு சுழி அந்தக் கட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போகும்.

கடைசியாகப் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு, அசல் பாய் போட்டோவை அதே இடத்தில் முழுத் துல்லியத்தில் இன்னொரு தடவை ஒட்டினேன். இப்போது நாலு கோடும் நாலாகவே இருக்கிறது, பெயரையும் வாசிக்கலாம். பாய் அசல், கூடம் கம்ப்யூட்டரில் செய்தது என்று படத்துக்குக் கீழே எழுதச் சொன்னேன். அக்காவும் அப்படியே எழுதித்தான் வாங்குபவர்களுக்கு அனுப்புகிறார்.